எஃப்.எஃப்.டி முகட்டுக்குப் பக்கத்து எண்கள்: ஒரு பெட்டிக்கும் நுணுக்கமாக அதிர்வெண் காண்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுருதி பார்க்கும் சிறு நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் எஃப்.எஃப்.டி எடுத்தாயிற்று, முகடும் தெரிகிறது, ஆனால் அதிர்வெண் முரட்டுத்தனமாக வருகிறது. கீழே உள்ள கணக்குகள் அனைத்துக்கும் ஒரே உதாரணம். மாதிரி வீதம் வினாடிக்கு 8000, எடுத்துக்கொள்வது 1024 மாதிரிகள், உள்ளே போவது வீச்சு 1 உள்ள 440 ஹெர்ட்ஸ் சைன் அலை. எஃப்.எஃப்.டி தரும் ஒவ்வொரு இடத்தையும் ‘பெட்டி’ என்று சொல்கிறேன்.

440 ஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்தால் 437.5 என்று காட்டுகிறது. என் நிரலில் பிழை இருக்கிறதா?

பிழை இல்லை. ஒரு பெட்டியின் அகலம் 8000 ÷ 1024 = 7.8125 ஹெர்ட்ஸ். 440-ஐ அதால் வகுத்தால் 56.32 வருகிறது. 56.32 என்று ஒரு பெட்டி கிடையாது. அதனால் பக்கத்தில் இருக்கும் 56-ஆம் பெட்டி உயர்ந்து நிற்கிறது. அதன் நடு அதிர்வெண் 437.5. இந்த வழியில் பிழை அரைப் பெட்டி வரை, அதாவது 3.9 ஹெர்ட்ஸ் வரை போகலாம். 440 ஹெர்ட்ஸ் அருகில் அது ஏறக்குறைய 15 சென்ட்; அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். பழகிய காதுக்கு அது சுருதி சேராத ஒலி.

நமக்கு வேண்டியது அந்த 0.32. அதை இனி δ என்று எழுதுகிறேன். முகட்டுப் பெட்டியிலிருந்து உண்மையான அதிர்வெண் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை அது பெட்டி அளவில் சொல்லும், −0.5 முதல் 0.5 வரை இருக்கும்.

பெட்டிக்கு நடுவில் எஃப்.எஃப்.டி எதையும் கணக்கிடவே இல்லையே. இல்லாத தகவலை எங்கிருந்து எடுக்கிறோம்?

பக்கத்துப் பெட்டிகளிலிருந்து. ஒரு சைன் அலை ஒரே பெட்டியில் அடங்கிக் கிடப்பதில்லை. 1024 மாதிரிகளோடு வெட்டி எடுத்ததால் அதன் ஆற்றல் அக்கம்பக்கத்திலும் கசிகிறது. இந்தக் கசிவைத் தொல்லை என்றே எல்லாப் பாடங்களும் சொல்கின்றன. இங்கே அதுதான் நமக்கு வழிகாட்டி. கசிவின் வடிவம் விண்டோவை, அதாவது எஃப்.எஃப்.டி-க்கு முன் மாதிரிகளைப் பெருக்கும் எடை வளைவைப் பொறுத்தது, அந்த வடிவம் நமக்கு முன்கூட்டியே தெரியும்.

ஹான் விண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். அலை சரியாக 56-இல் விழுந்தால் 55, 57 இரண்டும் முகட்டில் சரிபாதியாக நிற்கும். அலை வலப்பக்கம் நகர நகர 57 ஏறும், 55 இறங்கும். 56.5-க்கு வந்தால் 56-உம் 57-உம் சமமாகிவிடும். ஆக, இரு பக்கத்து எண்களும் எந்தப் பக்கம் சாய்கின்றன, எவ்வளவு சாய்கின்றன என்பதிலேயே δ எழுதப்பட்டிருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: “இந்த இடத்தில் ஒரே ஒரு சைன் அலைதான் இருக்கிறது” என்ற அனுமானத்தை நாம்தான் சேர்க்கிறோம். அது உண்மையாக இருக்கும் வரைதான் விடையும் உண்மை.

பரவளையம் வரைந்து முகட்டைப் பிடிப்பது என்கிறார்களே, எண்களோடு ஒருமுறை செய்து காட்ட முடியுமா?

நம் அலைக்கு ஹான் விண்டோ போட்டு எஃப்.எஃப்.டி எடுத்தால் மூன்று பெட்டிகளின் அளவுகள் இப்படி வரும்: 55-இல் 70.2, 56-இல் 239.5, 57-இல் 188.2. டெசிபெலுக்கு மாற்றினால் முறையே 36.93, 47.59, 45.49. இந்த மூன்று புள்ளிகள் வழியாக ஒரே ஒரு பரவளையம்தான் போக முடியும். அதன் உச்சி இருக்கும் இடம்:

```
δ = 0.5 * (a - c) / (a - 2*b + c)
```

இதில் a இடப்பக்கம், b முகடு, c வலப்பக்கம். மேலே (36.93 − 45.49) ஏறத்தாழ −8.56. கீழே 36.93 − 95.18 + 45.49, அதாவது ஏறத்தாழ −12.75. விடை 0.336. அதிர்வெண் 56.336 × 7.8125 = 440.12 ஹெர்ட்ஸ்.

ஏழு ஹெர்ட்ஸுக்கும் அகலமான பெட்டியிலிருந்து 0.12 ஹெர்ட்ஸ் பிழைக்கு வந்துவிட்டோம். இது அரை சென்ட். பெரும்பாலான வேலைகளுக்கு இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டெசிபெலுக்கு மாற்றித்தான் ஆக வேண்டுமா? நேராக அளவையே போட்டால் என்ன?

போடலாம், ஆனால் பிழை மூன்று மடங்குக்கும் மேல் கூடும். அதே மூன்று எண்களை மாற்றாமல் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 0.267 வருகிறது, அதாவது 439.59 ஹெர்ட்ஸ். 0.12 ஆக இருந்த பிழை 0.41 ஆகிவிட்டது, திசையும் மாறிவிட்டது.

ஹான் விண்டோவின் முகட்டை லாக் அளவில் வரைந்தால் அதன் மேற்பகுதி பரவளையத்தை ஒத்திருக்கும். நேர் அளவில் அந்த ஒப்பு குறைவு. விண்டோ காஸ் மணி வடிவில் இருந்தால் அதன் நிறமாலையும் ஏறத்தாழ காஸ் வடிவம்தான். காஸ் வடிவத்தின் லாக் அசல் பரவளையமே. அதனால் காஸ் விண்டோவோடு இந்தச் சூத்திரம் கிட்டத்தட்டத் துல்லியம். ‘கிட்டத்தட்ட’ என்பதற்குக் காரணம், காஸ் வளைவை எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும்.

எந்த லாக் என்பது பொருட்டில்லை. 20 மடங்கு லாக், 10 மடங்கு லாக், இயல் லாக் எல்லாம் மேலும் கீழும் அடிபட்டுப் போகும். பூச்சியத்துக்கு லாக் எடுத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அமைதியான இடத்தில் நிரல் திடீரென்று `nan` காட்டினால் முதலில் அங்கே பாருங்கள்.

விண்டோ போடுவது எதற்கு? அப்படியே எஃப்.எஃப்.டி எடுத்துப் பரவளையம் போட்டேன், விடை சரியாக வரவில்லை.

வராது. விண்டோ போடாமல் விடுவதும் ஒரு விண்டோதான், செவ்வக விண்டோ. அதன் முகடு கூராகவும் ஒல்லியாகவும் இருப்பதால் பரவளையம் அதில் பொருந்தாது. δ உண்மையில் 0.25 என்று வையுங்கள். செவ்வகத்தில் பக்கத்துப் பெட்டிகள் முகட்டில் ஐந்தில் ஒரு பங்கும் மூன்றில் ஒரு பங்குமாக நிற்கும். லாக் எடுத்துச் சூத்திரத்தில் போட்டால் 0.094 வருகிறது. உண்மையில் பாதிகூட இல்லை. அதே δ-வுக்கு ஹான் விண்டோவில் 0.2655 வரும்.

இந்தப் பிழை கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும் என்பதுதான் இதில் மோசம். சோதனைக்கு 500 ஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்தால் அது சரியாக 64-ஆம் பெட்டியில் விழும், விடை கச்சிதமாக வரும். நானும் அப்படி ஒரு வட்ட எண்ணில் சோதித்துவிட்டு இரண்டு நாள் வேறெங்கோ பிழையைத் தேடியிருக்கிறேன். சோதனை என்றால் δ-வை −0.5 முதல் 0.5 வரை சிறு சிறு படியாக நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் பிழையைக் குறித்து வரைபடம் போடுங்கள். பொருந்தாத விண்டோ என்றால் S வடிவில் ஒரு வளைவு தெரியும்: நடுவில் பூச்சியம், அரைப் பெட்டியில் மறுபடி பூச்சியம் அல்லது ஒரு தாவல், இடையில் வீக்கம்.

ஹான் விண்டோவிலும் அந்த 0.016 பெட்டிப் பிழை மிஞ்சுகிறது. அதையும் போக்க வழி உண்டா?

உண்டு, அது பரவளையத்தைவிட எளிது. ஹான் விண்டோவின் முகடு பரவளையம் இல்லை, அதன் வடிவம் நமக்கே தெரியும். பிறகு எதற்குப் பரவளையத்தைப் பொருத்த வேண்டும்?

அலையிலிருந்து x பெட்டி தள்ளி ஹான் விண்டோவின் அளவு sin(πx) ÷ (πx(1 − x²)). முகடு δ தொலைவிலும், வலப்பக்கப் பெட்டி 1 − δ தொலைவிலும், இடப்பக்கப் பெட்டி 1 + δ தொலைவிலும் இருக்கின்றன. மூன்றுக்கும் இடையே முழு எண் வித்தியாசம்தான் என்பதால் மேலே உள்ள சைன் மூன்றிலும் ஒரே மதிப்பு, குறி மட்டும் மாறும். வகுத்தால் அது அடிபட்டுப் போய் இவ்வளவுதான் மிஞ்சும்:

```
c / b = (1 + δ) / (2 - δ)
a / b = (1 - δ) / (2 + δ)
```

திருப்பிப் போட்டால்:

```
δ_right = (2*c - b) / (c + b)
δ_left  = (b - 2*a) / (b + a)
```

லாக் இல்லை, வர்க்கம் இல்லை. நம் எண்களைப் போடுங்கள்: (376.4 − 239.5) ÷ (188.2 + 239.5) = 0.320. அதிர்வெண் 440.00. இடப்பக்கச் சூத்திரம்: (239.5 − 140.4) ÷ (239.5 + 70.2) = 0.320. இரண்டும் ஒன்றே சொல்கின்றன.

விண்டோ பிடிக்காதவர்களுக்கு, அதாவது செவ்வகத்தையே வைத்துக்கொள்ள வேண்டியவர்களுக்கு, யாகப்சன் பெயரில் வழங்கும் சூத்திரம் இருக்கிறது. அதில் அளவுகளுக்குப் பதில் கலப்பெண்களையே போட வேண்டும்: `Re((X[k-1] - X[k+1]) / (2*X[k] - X[k-1] - X[k+1]))`. பக்கத்தில் வேறு அலை எதுவும் இல்லாத சுத்தமான சிக்னலுக்கு அது மிக நன்று. இசைக்கருவியின் ஒலியில் செவ்வகத்தின் கசிவு வெகு தூரம் போய் மற்ற சுரங்களின் மேல் விழுவதால் நான் ஹானையே விரும்புகிறேன்.

கிடைத்த விடையை நம்பலாமா கூடாதா என்று நிரலே சொல்லும்படி செய்ய முடியுமா?

வலப்பக்க விடையும் இடப்பக்க விடையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பயன்பட்ட சோதனை இது, இதற்குச் செலவு ஒரு கழித்தல்தான்.

ஓர் உதாரணம். நம் 440 ஹெர்ட்ஸ் அலையோடு, அதில் 0.3 வீச்சில் 451.56 ஹெர்ட்ஸ் அலை ஒன்றைக் கலக்கிறோம். பெட்டிக் கணக்கில் அது 57.8. எடுத்த துண்டின் நடுவில் இரண்டும் ஒரே ஃபேஸில் இருப்பதாக வையுங்கள். இப்போது முகட்டை 1 என்று கொண்டால் இடப்பக்கம் 0.286, வலப்பக்கம் 0.979. முகடு இன்னும் 56-இல்தான், வரைபடத்தில் ஒரே ஒரு குன்றுதான் தெரியும். வலப்பக்கம் சற்றுப் பருத்திருக்கும், அவ்வளவே.

பரவளையம் 0.484 என்கிறது. அதாவது 441.28 ஹெர்ட்ஸ். எந்தத் தயக்கமும் இல்லாமல் இரண்டு தசமத்தோடு தப்பான எண்ணைத் தருகிறது. வலப்பக்கச் சூத்திரமும் 0.484 என்கிறது. ஆனால் இடப்பக்கச் சூத்திரம் 0.333 என்கிறது. இரண்டுக்கும் 0.15 பெட்டி வித்தியாசம். சுத்தமான ஒற்றை அலைக்கு இப்படி ஒருநாளும் வராது. எந்தப் பக்கம் கலப்படம் என்பதும் இதில் ஓரளவு தெரியும்: இரண்டாவது அலை வலப்பக்கம் இருந்ததால் இடப்பக்க விடை உண்மையான 0.32-க்கு அருகில் நின்றது.

ஃபேஸ் மாறினால் இந்த எண்களும் மாறும். அதனால் அடுத்தடுத்த துண்டுகளிலும் இந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். 0.02 பெட்டிக்குள் அடங்கினால் விடையைக் காட்டு, மீறினால் முள்ளை அசைக்காதே என்று என் நிரலில் வைத்திருக்கிறேன். அந்த எல்லையை உங்கள் இரைச்சலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மாதிரிகளுக்குப் பின்னால் பூச்சியங்களைச் சேர்த்து 8192 ஆக்கினால் இதெல்லாம் தேவைப்படாதே?

பூச்சியம் சேர்ப்பதும் இடைக்கணிப்புதான், நீளமான வழி. அதே வளைவை நெருக்கமான புள்ளிகளில் கணக்கிட்டுக் காட்டுகிறது. 8 மடங்கு நீட்டினால் புதிய புள்ளிகள் 0.98 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரும், முகட்டைத் தேர்ந்தால் பிழை அரை ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். மூன்று எண் சூத்திரம் அதைவிட நன்றாகவே செய்கிறது, 8 மடங்கு எஃப்.எஃப்.டி இல்லாமல். இரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு: கொஞ்சம் நீட்டி, பிறகு லாக் பரவளையம். புள்ளிகள் முகட்டுக்கு நெருங்கி வருவதால் அங்கே பரவளையப் பிழை வெகுவாகக் குறையும். ஆனால் நீட்டிய எஃப்.எஃப்.டி-யில் δ_right, δ_left சூத்திரங்களைப் போடாதீர்கள். அவை ஒரு முழுப் பெட்டி இடைவெளியை நம்பி எழுதப்பட்டவை.

நெருங்கிய இரண்டு அலைகளைப் பிரித்துக்காட்ட மட்டும் பூச்சியத்தாலும் முடியாது, சூத்திரத்தாலும் முடியாது. ஹான் விண்டோவின் முகட்டுக்கு அடிப்பகுதி அகலம் 4 பெட்டி, நம் உதாரணத்தில் 31 ஹெர்ட்ஸ். பிரித்துப் பார்க்க வேண்டுமானால் இன்னும் அதிக நேரம் கேட்டாக வேண்டும்.

தம்புராவை மீட்டிப் பார்க்கிறேன். எண் ஒரு இடத்தில் நிற்காமல் மேலும் கீழும் போய் வருகிறதே?

பெரும்பாலும் அது சூத்திரத்தின் குறையல்ல. சாரணி, அனுசாரணி என்ற இரு தந்திகளும் ஒரே சட்ஜத்துக்குச் சேர்க்கப்படுபவை. இரண்டுக்கும் 0.5 ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தால் ஒலி 2 வினாடிக்கு ஒருமுறை அலையலையாக ஏறி இறங்கும். நாம் எடுக்கும் துண்டோ 128 மில்லி வினாடி. அவ்வளவு சின்ன ஜன்னல் வழியே பார்க்கும்போது அது இரண்டு அலையாகத் தெரியாது, வீச்சும் அதிர்வெண்ணும் மெல்ல மாறும் ஒரே அலையாகத்தான் தெரியும். ஒலி அமுங்கும் நேரத்தில் முகடு இரண்டாகப் பிளந்துகூட நிற்கும், அந்தக் கணத்து எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மேலே சொன்ன இடம்–வலம் சோதனை அப்போது உரக்கக் கத்தும். ஒரு தந்தியை மட்டும் மீட்டிப் பார்த்தால் எண் அமைதியாகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, தந்திக்கடியில் வைக்கும் ஜீவா நூலால் தம்புராவில் மேல் சுரங்கள் மிக வலுவாக ஒலிக்கும். மொத்த நிறமாலையிலும் பெரிய முகட்டைத் தேடினால் அடிப்படைச் சுரத்துக்குப் பதில் அதன் 2 மடங்கோ 3 மடங்கோ பிடிபடலாம். தேடும் எல்லையைக் குறுக்குங்கள்.

இரைச்சல் இருந்தால் இந்த நுணுக்கத்தில் எவ்வளவு மிஞ்சும்?

எந்த முறையானாலும் தாண்ட முடியாத ஒரு எல்லை இருக்கிறது. ரைஃபும் பூர்ஸ்டினும் 1974-இல் ஒற்றை அலைக்கு அதை எழுதிவைத்தார்கள். அதன்படி 1024 மாதிரிகளில், சிக்னல் இரைச்சலைவிட 20 டெசிபெல் வலுவாக இருந்தால், விடையின் சிதறல் ஏறத்தாழ 0.0017 பெட்டி, அதாவது 0.013 ஹெர்ட்ஸ். ஹான் விண்டோ ஓரத்து மாதிரிகளை அமுக்கிவிடுவதால் நமக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

0.0017-ஐ லாக் பரவளையத்தின் 0.016-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த நிலையில் பிழை இரைச்சலால் வருவதில்லை, சூத்திரத்தால் வருகிறது. நூறு துண்டுகளின் சராசரி எடுத்தாலும் அது போகாது. சிக்னலும் இரைச்சலும் சம வலுவில் இருந்தால் எல்லை 0.017 பெட்டிக்கு ஏறிவிடும். அப்போது எந்தச் சூத்திரம் என்ற விவாதத்துக்கே அவசியமில்லை, மாதிரிகளைக் கூட்டுவதுதான் வழி. துண்டை இரட்டிப்பாக்கினால் ஹெர்ட்ஸ் கணக்கில் சிதறல் 2.8 மடங்கு குறையும், அதுவரை சுரம் அசையாமல் நிற்குமானால்.

அடிமட்ட அதிர்வெண்களில் மட்டும் விடை தடுமாறுகிறது. அங்கே என்ன நடக்கிறது?

மெய்யெண் சிக்னலுக்கு எதிர்ப்பக்க அதிர்வெண்ணிலும் ஒரு நகல் உண்டு. அலை 56-இல் இருந்தால் நகல் −56-இல், 112 பெட்டி தள்ளி, அதன் கசிவு பொருட்டே இல்லை. அலை 2-இல் இருந்தால் நகல் வெறும் 4 பெட்டி தள்ளி நிற்கிறது, முன்பு பார்த்த இரண்டாவது அலை போலவே குழப்புகிறது. போதாததற்கு மைக் சிக்னலில் இருக்கும் நிலையான விலகல் 0-ஆம் பெட்டியில் உட்கார்ந்து 1-ஐயும் நனைக்கிறது. சராசரியைக் கழித்துவிடுங்கள், முதல் சில பெட்டிகளைத் தொடாதீர்கள். அங்கேதான் சுரம் இருக்கிறது என்றால் துண்டை நீளமாக்குங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சின்ன நிரலாகக் கிடைக்குமா?

```python
import numpy as np

def tone_hz(x, fs):
    N = len(x)
    w = 0.5 - 0.5*np.cos(2*np.pi*np.arange(N)/N)
    m = np.abs(np.fft.rfft((x - x.mean())*w))
    k = np.argmax(m[3:-3]) + 3
    a, b, c = m[k-1], m[k], m[k+1]
    right = (2*c - b)/(c + b)
    left = (b - 2*a)/(b + a)
    d = right if c > a else left
    return (k + d)*fs/N, right - left
```

இரண்டாவதாகத் திரும்பி வருவது இடம்–வலம் வித்தியாசம். இரண்டு பக்கத்தில் உயர்ந்து நிற்கும் பெட்டியை d-க்குத் தேர்ந்திருக்கிறேன், இரைச்சலில் அதுதான் குறைவாக ஆடும். விண்டோவைக் கையால் எழுதியதற்கும் காரணம் உண்டு: `np.hanning(N)` இரு முனையிலும் பூச்சியம் வரும்படி N − 1 இடைவெளியில் வரையப்பட்டது, நம் சூத்திரமோ N இடைவெளியை எதிர்பார்க்கிறது. 1024 மாதிரிகளில் வித்தியாசம் மிகச் சிறிது, 32 மாதிரிகளில் தெளிவாகத் தெரியும். `fs` என்று நீங்கள் கொடுக்கும் எண்ணும் சவுண்ட் கார்டின் படிகம் சொல்வதுதான். அது பத்து லட்சத்தில் 50 பங்கு விலகியிருந்தால் 440-இல் 0.022 ஹெர்ட்ஸ் அப்படியே ஏறும், மேலே செய்த எந்தக் கணக்கும் அதைக் கண்டுபிடிக்காது.